சாக்கடை நீரின் பிஓடி: 300 மில்லி பாட்டிலில் அளப்பது எப்படி?

நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன்தான் டிஓ. நீரிலுள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பது பிஓடி. முதலாவது கையிருப்பு, இரண்டாவது கடன். இரண்டையும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் சொல்வோம். இந்த முறையில் பிஓடியை நேரடியாக அளப்பதில்லை. டிஓவை இன்று ஒருமுறையும் மூன்று நாள் கழித்து ஒருமுறையும் அளந்து, குறைந்ததைக் கணக்கிடுகிறோம். இந்தியத் தரமுறை 27 டிகிரியில் 3 நாள். பழைய பாடநூல்களில் இருக்கும் 20 டிகிரி, 5 நாள் முறையோடு எண்களைக் கலக்க வேண்டாம்.

பியூரெட், பிப்பெட் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: நீர்த்தல். பலரும் சறுக்குவது இங்கேதான். 27 டிகிரியில் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். வீட்டுச் சாக்கடையின் தேவையோ 200-க்கும் மேல் போகும். சாக்கடை நீரை அப்படியே பாட்டிலில் அடைத்தால் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். மிச்ச நாட்களில் எதுவும் பதிவாகாது. அதனால் காற்றூட்டிய காய்ச்சி வடித்த நீரில் பாஸ்பேட் தாங்கல், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு கரைசல்களை லிட்டருக்கு ஒவ்வொரு மில்லி சேர்த்து நீர்த்தல் நீர் தயாரித்துக்கொள்ளுங்கள். இவை நுண்ணுயிரிகளுக்கான உப்புச்சத்து.

ஒரே அளவில் நீர்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். 3, 6, 15 மில்லி என்று மூன்று விதமாக மாதிரியை எடுத்து, ஒவ்வொரு அளவையும் இரண்டு பாட்டிலில் விட்டு, மீதியை நீர்த்தல் நீரால் நிரப்புங்கள். நீர்த்தல் நீர் மட்டும் கொண்ட வெற்றுப் பாட்டில்களும் இரண்டு வேண்டும். மூன்று நாளில் வெற்றுப் பாட்டிலில் 0.2-க்கு மேல் குறைந்தால் நீர்த்தல் நீரே அசுத்தம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

படி 2: முதல் டிஓ. ஜோடியில் ஒன்றை உடனே விங்க்லர் முறையில் அளக்கவும். குமிழி இல்லாமல் நிரம்பிய பாட்டிலில் மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு அசைடு 1 மில்லி விட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்பு நிறத்தில் படிந்தால் ஆக்ஸிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. சாக்கடை கலந்து நாறும் ஆற்றுநீரில் இந்த வெள்ளையைப் பார்க்கலாம். படிவு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி. படிவு கரைந்து மஞ்சளாகும். அதில் 201 மில்லி எடுத்து 0.025 மோலார் தயோசல்பேட்டால் தரம் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் வந்தபிறகு ஸ்டார்ச், அப்புறம் நீலம் போகும்வரை. செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் டிஓ. டிஓ மீட்டர் வசதிதான், ஆனால் அளவு திருத்தாத மீட்டர் அழகாகப் பொய் சொல்லும். தொடக்கத்தில் பியூரெட்டையே நம்புங்கள்.

படி 3: அடைகாத்தல். மறு பாட்டில்களின் கழுத்தில் நீர் முத்திரை வைத்து, இருட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்ஸிஜனை உற்பத்தி செய்து கணக்கைக் கெடுக்கும். பிறகு அதே முறையில் டிஓ.

படி 4: கணக்கு.

```
BOD = (D1 - D2) x 300 / V
```

D1 முதல் டிஓ, D2 மூன்று நாள் கழித்து அளந்த டிஓ, V என்பது பாட்டிலில் சேர்ந்த மாதிரியின் மில்லி அளவு. ஒரு சாக்கடை மாதிரி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 3 மில்லி பாட்டிலில் 7.8 குறைந்து 5.4, அதாவது 240. 6 மில்லியில் 7.7 குறைந்து 3.0, அதாவது 235. 15 மில்லியில் 7.5 குறைந்து பூஜ்யம், அதாவது 150. அதிகக் கழிவு போட்ட பாட்டில் குறைந்த பிஓடி காட்டுகிறது! அந்த 150 விடை அல்ல, ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடம். கடைசியில் குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும், இடையில் குறைந்தது 2 செலவாகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் பாட்டில்களை மட்டும் சராசரி பாருங்கள். இங்கே விடை சுமார் 238. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு 30.

இனி ஆற்றில் டிஓவை எங்கே அளப்பது? கழிவு விழும் வாயிலேயே அளந்தால் எண் நன்றாகவே இருக்கலாம். நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்க நேரமாகும், அதற்குள் நீர் கீழே ஓடிவிடும். டிஓ மிகவும் சரியும் இடம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1925-இல் இந்தச் சரிவைச் சமன்பாடாக்கினார்கள். அதனால் வாயில் பிஓடி, கீழே பல இடங்களில் டிஓ என்று பாருங்கள். அதிலும் விடியற்காலையில். பச்சைப் பாசி படர்ந்த நீர் நடுப்பகலில் 12 கூடக் காட்டும், இரவில் அதே பாசி மூச்சுவிட்டு டிஓவைத் தின்றுவிடும்.

பிற்சேர்க்கை: சுத்திகரிப்பு நிலைய நீரில் பிஓடி கிட்டத்தட்ட பூஜ்யமாக வருகிறது, சந்தோஷப்படலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். குளோரின் போட்ட நீர் என்றால் சந்தேகப்படுங்கள். தின்ன வேண்டிய நுண்ணுயிரிகளே செத்திருக்கும். முதலில் சோடியம் சல்பைட்டால் குளோரினை நீக்குங்கள். அளந்து விடுங்கள், மிஞ்சிய சல்பைட்டும் ஆக்ஸிஜனை இழுக்கும். அப்புறம் படிந்து தெளிந்த சாக்கடை நீரில் சில துளி விதையாகச் சேர்த்து, அந்த விதை மட்டும் குறைக்கும் ஆக்ஸிஜனைத் தனிப் பாட்டிலில் அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.