"சேவைன்னா எனக்கு உயிருங்க": தன்னார்வலர் அறிமுகத்தில் சறுக்கும் இடங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு மையம் நடத்தும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு காலை, புதிதாக வந்த தன்னார்வலர்கள் 20 பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் நோட்டைத் திறந்து, "ஒவ்வொருத்தரா உங்களப் பத்திச் சொல்லுங்க, எதுக்கு வந்தீங்கன்னும் சொல்லிருங்க" என்கிறார். வேலைக்கான நேர்காணல் இல்லை, யாரையும் திருப்பி அனுப்பப் போவதும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் பொய்யும் இல்லாத, உண்மையும் இல்லாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்த நோட்டில் என்ன எழுதப்படுகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெயர், குடியிருக்கும் ஏரியா, வரக்கூடிய கிழமையும் நேரமும், என்ன சொல்லித்தர முடியும், எதற்காக வந்தார். கடைசிக் கேள்வி மரியாதைக்குக் கேட்பதில்லை. ஒருவர் எத்தனை மாதம் நிற்பார், எந்த வேலையைக் கொடுத்தால் சலிக்காமல் செய்வார் என்பதை ஒருங்கிணைப்பாளர் அதை வைத்துத்தான் கணிக்கிறார். கணிப்பு தப்பினால் இழப்பு பிள்ளைகளுக்கு. ஒரு அக்காவிடம் பழகி, வாய் திறந்து சந்தேகம் கேட்கவே நாலு வாரம் ஆகும் பிள்ளைக்கு, ஐந்தாவது வாரம் வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அடிக்கடி காதில் விழும் அறிமுகம் இப்படி இருக்கும்:

"அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த வாய்ப்பை நல்கிய நிர்வாகிகளுக்கு மனமார்ந்த நன்றி. சின்ன வயசுல இருந்தே சேவைன்னா எனக்கு உயிருங்க. குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும். படிக்க வசதியில்லாத ஏழைக் குழந்தைகளோட வாழ்க்கையில ஒரு விளக்கேத்தி வைக்கணும்னு ஆசை. என்ன வேலை குடுத்தாலும் செய்யறேன், எப்பக் கூப்பிட்டாலும் வர்றேன்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோட்டில் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரும் இதையே சொல்லலாம், சொல்லவும் செய்வார். மூன்றாவது ஆள் "அவங்க சொன்னதேதானுங்க எனக்கும்" என்று முடித்துக்கொள்வார்.

முதல் கோளாறு, மேடைப் பேச்சு. இந்தப் பக்கத்தில் கோயில் விசேஷம், பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் மைக் பிடித்தவர் வரிசையாக நன்றி சொல்லித்தான் தொடங்குவார். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. அதோடு, வீட்டில் பேசும் தமிழை விட்டுவிட்டு "நல்கிய", "பணிவான" என்று போனவுடன் சொல்லும் காரணமும் இரவல் காரணமாகிவிடுகிறது. "வந்தனுங்க, பாத்தனுங்க" என்று பேசுகிறவர் அப்படியே பேசினால் போதும். மையத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் அந்தத் தமிழில்தானே பேசப் போகிறார்.

நீளமும் இதோடு ஒட்டிய சங்கதிதான். முதலில் பேசுகிறவர் எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ, அதுதான் அந்த வட்டத்துக்கு அளவாகிவிடுகிறது. அவர் ஒரு நிமிடத்தில் முடித்தால் 20 பேருக்கு 20 நிமிடம். மூன்று நிமிடம் பேசினால் ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அறிமுகத்துக்கே போனால், கடைசியில் வைத்திருக்கும் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் அவசர அவசரமாக ஓடும். பிள்ளையோடு அறையில் தனியாக இருக்கக் கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, தப்பு நடந்தது தெரிந்தால் மறைக்காமல் போலீஸிடம் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்பதெல்லாம் அங்கேதான் வரும். டீ குடிக்கிற அவசரத்தில் கேட்டு மறக்கிற சமாச்சாரம் இல்லை அது. உங்கள் முறை முதலில் வந்தால், ஒரு நிமிடத்தில் உட்காருங்கள்.

அடுத்தது, "ஏழைக் குழந்தைகள்", "விளக்கேத்தி வைக்கணும்". அந்த வட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மையத்தில் படித்துவிட்டு இப்போது கல்லூரிக்குப் போகும் பையன் உங்களுக்கு எதிரே தன்னார்வலராக உட்கார்ந்திருக்கலாம். டீ எடுத்துவரும் அம்மாவின் பிள்ளை அங்கேயே ஐந்தாவது படிக்கலாம். இரக்கம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதை ஒரு கூட்டத்தின் மேல் மொத்தமாகக் கொட்டாமல், கண்ணால் பார்த்த ஒரு காரியமாகச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது. "இந்திக்காரப் பசங்க" என்ற பேச்சும் இதே கணக்குதான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டுப் பாஷை ஒடியா. இந்தி தெரியும் என்று சொல்லி அவனோடு உட்கார்ந்தால் இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொங்கு நாட்டுக்கே உரிய சறுக்கல் ஒன்று உண்டு. இங்கே அறிமுகம் என்றாலே "எந்த ஊருங்க?" என்பதில் தொடங்கி, அப்படியே "எந்தக் கூட்டமுங்க?" என்று குலத்தைக் கேட்பது வரைக்கும் போய்விடும். சொந்தம் தேடுகிற பழக்கம். கேட்பவர் மனதில் வஞ்சகம் இருக்காது. ஆனால் கூட்டத்தைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். வட்டத்தில் பாதிப்பேர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே யோசிப்பார்கள். குடியிருக்கும் ஏரியாவைச் சொல்லுங்கள். எந்த மையம் பக்கம் என்று பார்க்க அது உதவும். பூர்வீக ஊர், காடு, தோட்டம், கூட்டம் எதுவும் அந்த நோட்டுக்குத் தேவையில்லை.

இனி முக்கியமான இடம்: தனக்குக் கிடைக்கும் ஆதாயத்தை மறைப்பது. சான்றிதழுக்காக வந்தேன் என்று சொன்னால் மட்டமாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் "சேவை" என்று பூசிவிடுகிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். அதை வெளிப்படையாகச் சொன்னால் ஒருங்கிணைப்பாளர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்: ஞாயிறு 2 மணி நேரம் மட்டும் வந்தால் 120 மணி நேரத்துக்கு 60 ஞாயிறு வேண்டும், ஆண்டில் இருப்பதோ 52. வாரநாளில் ஒரு மாலையும் சேர்க்க வேண்டும், இந்த மணி நேரம் கணக்கில் சேருமா என்று கல்லூரியின் திட்ட அலுவலரிடம் முன்னாடியே கேட்டுவிட வேண்டும். மறைத்தால் என்ன ஆகும்? பையன் ஞாயிறு மட்டும் வருவான். மார்ச்சில் மணி நேரம் பத்தாது என்று தெரிந்ததும், இன்னும் நிறையக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டு நிற்பான். அதில் இரு பக்கமும் சங்கடம்.

கம்பெனி அனுப்பி வந்தவர்கள், படிப்பை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள், புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்து நாலு பேரைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுதான். ஆதாயம் இருப்பது குறையில்லை, அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர வேண்டும். விளக்கமும் மன்னிப்பும் சேர்க்கத் தொடங்கினால்தான் அசிங்கமாகத் தெரியும்.

மேலே பார்த்த அறிமுகத்தைப் பேசியவர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள்வோம். "எப்போதிலிருந்து?", "எதைப் பார்த்து?", "எனக்கு என்ன கிடைக்கும்?", "எது முடியாது?" என்ற நாலு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டால் அதே ஆளின் பேச்சு இப்படி மாறும்:

"வணக்கமுங்க. (பெயர்) பதினஞ்சு வேலம்பாளையத்துல குடியிருக்கறேன், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். எங்க காம்பவுண்டுல ரெண்டு பிள்ளைங்க, அவங்கம்மா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வர்ற வரைக்கும் படிக்கட்டுலயே உக்காந்திருக்கும். போன மாசம் அதுல சின்னவளுக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக் குடுத்தனுங்க, எனக்கே அது பிடிச்சிருந்துச்சு. பி.எட். படிக்கலாமான்னு ஒரு யோசனையும் இருக்குதுங்க. எனக்கு ஒத்து வருமான்னு பாக்கணும். அஞ்சாவது வரைக்கும் கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருவேன். ஷிப்மென்ட் வாரம் மட்டும் முடியாதுங்க, ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிருவேன்."

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நோட்டில் ஐந்து பத்தியும் நிரம்பிவிடும். பி.எட். என்று காதில் விழுந்ததால் ஒருங்கிணைப்பாளர் இவரை நோட்டுக்கு அட்டை போடும் வேலையில் உட்கார வைக்க மாட்டார், நாலு பிள்ளைகளை ஒப்படைத்துப் பார்ப்பார். படிக்கப் போனால் நின்றுவிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும், ஆகவே கூடவே இன்னொருவரையும் பழக்குவார்.

"ஷிப்மென்ட் வாரம் முடியாது" என்ற வாக்கியத்தை இந்த ஊரில் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ஊர் இது. "எப்பக் கூப்பிட்டாலும் வர்றேன்" என்று சொன்னவர்தான் இரண்டாவது மாதத்தில் போனை எடுக்காமல் விடுவார். வர முடியாததைச் சொல்லிவிட்டு வராத ஆளுக்கு மாற்று ஏற்பாடு செய்யலாம். சொல்லாமல் வராதவரின் நாலு பிள்ளைகள் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

உண்மையைச் சொல்லச் சொன்னார்களே என்று எல்லாவற்றையும் கொட்டுவதும் சரிவராது. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்து, மனசு தாங்காமல் இங்கே வந்தவர்கள் உண்டு. முன்பின் தெரியாத 20 பேர் நடுவே அதை விரித்துச் சொன்னால், சொல்கிறவர் உடைந்துவிடுவார், அடுத்துப் பேச வேண்டியவர் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுவார். "வீட்டுல ஒரு இழப்புங்க, ஞாயித்துக்கிழமையில வெளிய வரணும்னு நினைச்சேன்" என்ற அளவு வட்டத்துக்குப் போதும். மீதியை ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். முதல் சில வாரம் பிள்ளைகளோடு விடாமல், புத்தகம் அடுக்குவது, வருகைப் பதிவு எழுதுவது மாதிரி இலகுவான வேலை கொடுக்க அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பேசி உட்கார்ந்த பிறகு "ஐயோ, எப்ப வேணா வர்றேன்னு சொல்லிப்போட்டேனே" என்று உறைக்கும். விடுங்கள். டீ இடைவேளையில் நோட்டு வைத்திருப்பவரிடம் போய், "ஞாயிறு பத்துல இருந்து பன்னெண்டு மட்டும்னு எழுதிக்குங்க" என்றால் அவர் அடித்துத் திருத்திக்கொள்வார்.