குழும நிறுவனங்களுக்கிடையே நெட்டிங்: பல நாணயக் கடன்களை ஒரே தொகையாகத் தீர்ப்பது எப்படி?

சிங்கப்பூர், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இயங்கும் ஒரு குழுமத்தின் மூன்று நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இந்த மாதம் சிங்கப்பூர் நிறுவனம் ஜெர்மனிக்கு 4,00,000 யூரோவும், ஜெர்மனி நிறுவனம் அமெரிக்காவுக்கு 5,00,000 அமெரிக்க டாலரும், அமெரிக்க நிறுவனம் சிங்கப்பூருக்கு 5,20,000 சிங்கப்பூர் டாலரும் தர வேண்டியுள்ளது. கணக்கை நடத்தும் பொறுப்பு சிங்கப்பூரிலுள்ள கருவூலப் பிரிவுக்கு உரியது; அதை மையம் என்று அழைப்போம்.

முதல் படி, இன்வாய்ஸ்களை ஒப்பிடுவது. ஒரு கடைசித் தேதியை அறிவித்து, தர வேண்டியவரின் பட்டியலையும் பெற வேண்டியவரின் பட்டியலையும் எண்வாரியாக ஒத்துப் பாருங்கள். வேலையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். ஒரு பக்கம் மட்டும் பதிவான இன்வாய்ஸையும், தரக் குறைபாடு குறித்துத் தகராறில் உள்ள இன்வாய்ஸையும் அடுத்த மாதத்திற்குத் தள்ளுவதே நல்லது. அவற்றுக்காக மொத்தத் தீர்வையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி, ஒரே நாணயத்திற்கு மாற்றுவது. எடுத்துக்காட்டுக்காக 1 யூரோவை 1.50 சிங்கப்பூர் டாலர் என்றும், 1 அமெரிக்க டாலரை 1.30 சிங்கப்பூர் டாலர் என்றும் வைத்துக்கொண்டால், மூன்று கடன்களும் முறையே 6,00,000, 6,50,000, 5,20,000 ஆகின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வர வேண்டியதிலிருந்து தர வேண்டியதைக் கழித்தால், சிங்கப்பூர் 80,000 தர வேண்டும், ஜெர்மனி 50,000 தர வேண்டும், அமெரிக்கா 1,30,000 பெற வேண்டும். மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால், ஏதோ ஒரு இன்வாய்ஸ் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறியிருக்கிறது அல்லது இரு பக்கமும் வேறு விகிதத்தில் மாற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாம் படி, பணம் செலுத்துவது. சிங்கப்பூர் தன் 80,000 டாலரையும், ஜெர்மனி 33,333.33 யூரோவையும் மையத்திற்கு அனுப்புகின்றன. மையம் அவற்றை மாற்றி அமெரிக்காவுக்கு 1,00,000 அமெரிக்க டாலர் தருகிறது. வங்கியில் மாற்ற வேண்டிய தொகை 17,70,000 சிங்கப்பூர் டாலரிலிருந்து 1,30,000-ஆகக் குறைந்துவிட்டது. வங்கி 0.3 சதவீதம் எடுப்பதாகக் கொண்டால், செலவு 5,310-லிருந்து 390-ஆகிறது. பரிமாற்றங்களின் எண்ணிக்கை இங்கே குறையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பத்து நிறுவனங்கள் இருந்தால்தான் அந்தப் பலன் தெரியும். அப்போது தொண்ணூறு திசைகளில் போகக்கூடிய பணம் அதிகபட்சம் பத்துப் பரிமாற்றங்களுக்குள் அடங்கிவிடும்.

விகிதத்தைக் காலையில் நிர்ணயித்துவிட்டு, நாணயத்தை மாலையில் வாங்காதீர்கள். இடைப்பட்ட ஏற்ற இறக்கம் மையத்தின் தலையில் விழும்.

நான்காம் படி, புத்தகத்தில் பதிவது. இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஜெர்மனி 33,333.33 யூரோ மட்டுமே செலுத்தியிருந்தாலும், அதன் புத்தகத்தில் 4,00,000 யூரோ வரவும் 5,00,000 டாலர் கடனும் முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். நிகரத் தொகையை மட்டும் ஒரு இன்வாய்ஸின் மீது பதிந்தால், மற்றவை நிலுவைப் பட்டியலில் நாட்கணக்காக முதிர்ந்துகொண்டே கிடக்கும். டாலர் கடனை முதலில் பதிந்த விகிதத்திற்கும் நெட்டிங் விகிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை, நாணய மாற்று லாபமாகவோ நட்டமாகவோ தனியே பதிய வேண்டும்.

எல்லா நாடுகளும் இதைத் தடையின்றி அனுமதிப்பதில்லை. இந்திய நிறுவனத்தைச் சேர்ப்பதாயின், ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டு, அந்நியச் செலாவணி உரிமம் பெற்ற வங்கி வழியாகவே ஏற்றுமதி வரவை இறக்குமதிக் கடனோடு ஈடுகட்ட முடியும். ஆகவே அந்த வங்கியின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே அந்நிறுவனத்தின் இன்வாய்ஸ்களைப் பட்டியலில் ஏற்றுங்கள்.