வீடு எந்தத் தேதிக்குள் முடியும்? எக்செல்லில் 5000 முறை கட்டிப் பாருங்கள்

அஸ்திவாரம் 20 நாள், சுவர் 30, சென்ட்ரிங்கோடு தளம் 25, ஆக மொத்தம் 75 நாள் என்கிறார் மேஸ்திரி. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது எத்தனை நாள், அதிகபட்சம் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். அஸ்திவாரத்துக்கு 15 முதல் 40, சுவருக்கு 25 முதல் 50, தளத்துக்கு 20 முதல் 45 என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம்.

A2, B2, C2 மூன்றிலும் `=RAND()` போடுங்கள். D2-வில் அஸ்திவாரம். 15-க்கும் 40-க்கும் இடையே, 20-ஐ ஒட்டியே அதிகம் விழும்படி ஒரு நாள் கணக்கை இது எடுக்கும்:

```
=IF(A2<0.2,15+SQRT(A2*125),40-SQRT((1-A2)*500))
```

வீச்சு மூன்றுக்கும் ஒரே வடிவம்தான், சுவர் 10 நாளும் தளம் 5 நாளும் தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால் E2-வில் இதையே B2 வைத்து எழுதி 10 கூட்டுங்கள். F2-வில் C2 வைத்து எழுதி 5 கூட்டுங்கள். G2-வில் மூன்றின் கூட்டுத்தொகை. இந்த வரிசையை 5001-ஆம் வரி வரை இழுத்துவிட்டால் 5000 தடவை வீடு கட்டியாயிற்று. அப்புறம் காலியான இரண்டு கட்டங்களில் இவை:

```
=COUNTIF(G2:G5001,"<=75")/5000
=PERCENTILE(G2:G5001,0.8)
```

75 நாளுக்குள் முடிய வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். ஒவ்வொரு வேலையும் முந்துவதைவிடப் பிந்தவே அதிக இடம் இருக்கிறதே! 80 சதவீத நம்பிக்கை வேண்டுமானால் ஏறக்குறைய 98 நாள் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு மூன்று வேலைகளும் ஒன்றையொன்று பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறது. ஆள் பற்றாக்குறை வந்தால் மூன்றுமே சேர்ந்துதான் இழுக்கும். B2, C2 இரண்டிலும் `=A2` என்று மாற்றிக் கீழே வரை இழுத்துப் பாருங்கள், 98 என்பது 105 ஆகிவிடும். உண்மை நிலவரம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான். நான் 105 பக்கமே சாய்வேன்.