கோத்தகிரி ரெஸ்யூமேவும் டொராண்டோ விமான நிலைய வேலையும்

இந்த முறை விடுமுறைக்குக் கோத்தகிரி வந்தபோது அக்கா மகளின் ரெஸ்யூமே எனக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அவள் 2025 செப்டம்பரில்தான் டொராண்டோ போய் இறங்கியிருக்கிறாள். அங்கே விமான நிலையத்தில் பயணிகள் சேவைப் பணிக்கு ஒரு விளம்பரம் பார்த்தாளாம். "சித்தி, இதுக்கு நான் போடலாமா, பாத்துச் சொல்லுங்க" என்று குரல் பதிவு. நான் அந்த விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரிலும் கேட்டிலும் பல வருஷம் நின்றவள், பிறகு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே படித்துக் கொடுத்தவள். அம்மா வீட்டுத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விளம்பரத்தை இடப்பக்கமும் ரெஸ்யூமேவை வலப்பக்கமும் வைத்துப் படித்தேன். மலையிலிருந்து புதிதாகக் கனடா வருகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

விளம்பரம் கேட்டது இவ்வளவுதான்: ஆங்கிலம் சரளமாக வேண்டும், பிரெஞ்சோ வேறு மொழியோ தெரிந்தால் கூடுதல் நன்மை, வாடிக்கையாளர்களை நேரில் கையாண்ட ஒரு வருஷ அனுபவம், ஆபத்தான பொருட்கள் உட்படப் பாதுகாப்புப் பயிற்சிகளை முடிக்கத் தயாராக இருக்க வேண்டும், விமான நிலையக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான பாஸ் பெறத் தகுதி வேண்டும். கடைசி வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நீக்க வேண்டியவை. புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை, அடியில் "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற வரி. கனடாவில் இவற்றை எழுதுவதில்லை. அவளுடைய கோவை விமான நிலைய பாஸின் படத்தையும் இணைத்திருந்தாள். அதை உடனே எடுக்கச் சொன்னேன். அனுமதிப் பாஸைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற ஆளை இந்தத் தொழிலில் யாரும் விரும்புவதில்லை.

மொழிக்கு வருவோம். "தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம், பிரெஞ்சு (அடிப்படை)" என்று ஐந்து மொழி ஒரே வரியில். இதைப் படிக்கிறவருக்கு எதுவுமே தெரியவராது. பிரெஞ்சு என்று எழுதினால் நேர்காணலில் ஒருவர் பிரெஞ்சில் பேசத் தொடங்குவார். அலைபேசிச் செயலியில் இரண்டு மாதம் படித்தது அங்கே ஒரு நிமிஷம்கூடத் தாங்காது, அப்புறம் மற்ற நாலு மொழிகளின் மேலும் சந்தேகம் வரும். ஆகவே பிரெஞ்சு போகட்டும். இந்தியை "எளிய உரையாடல்" என்று குறைத்தோம். ஆங்கிலத்துக்கு அவளிடமே நல்ல சான்று இருந்தது: கேட்டில் போர்டிங் அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் செய்திருக்கிறாள். அதை வேலை அனுபவத்தின் கீழ் ஒரு வரியாக எழுதினால் போதும்.

ஆனால் எழுத்தில் வராத ஒரு குறை இருந்தது. தொலைபேசியில் ஒரு பி.என்.ஆர். எண்ணைச் சொல்லச் சொன்னேன். "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி" என்றாள். நம் ஊரில் சரி. அங்கே வாக்கிடாக்கியில் பிராவோ, சார்லி, டெல்டா என்றுதான் போகும். B என்பது D என்று காதில் விழுந்தால் வேறு ஒருவரின் இருக்கையை மாற்றிவிடுவோம். இருபத்தாறு சொற்கள்தானே, ஒரு வாரத்தில் வாய்க்கு வந்துவிடும்.

தமிழையும் சும்மா விடவில்லை. டொராண்டோவில் சந்திக்கிற தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். ஒரு அம்மா வந்து "பிளேன் எப்ப வெளிக்கிடும் பிள்ளை?" என்று கேட்டால், புறப்படும் நேரத்தைக் கேட்கிறார் என்று புரிய வேண்டும். எனக்கு முதல் வாரம் பாதி புரியவில்லை; மலைத்தமிழ் பேசிய வாய் திகைத்து நின்றது. தமிழைக் கூடுதல் மொழியாகக் காட்டுவதென்றால், இந்தப் பேச்சையும் கேட்டுப் பழகிக்கொண்டு போவது நியாயம்.

அனுபவத்தில்தான் உண்மையான பிரச்சினை. "இரண்டு ஆண்டு விமான நிலைய அனுபவம்" என்று எழுதியிருந்தாள். விசாரித்தால், கோவையில் பயிற்சி நிறுவனம் வழியாக 2022 நவம்பர் முதல் 2023 ஜனவரி வரை மூன்று மாதம் பயிற்சியாளர். 2023 பிப்ரவரி முதல் 2024 மார்ச் வரை சம்பள வேலை, அதாவது 14 மாதம். இரண்டையும் சேர்த்தாலும் 17தான். அதை 24 ஆக்கியிருக்கிறாள். விளம்பரம் கேட்பதோ 12. பதினாலு மாதமே தாராளமாகப் போதும்போது நீட்ட வேண்டிய அவசியம் என்ன? நீட்டியதற்கு விலை வேறு இடத்தில் வரும், சொல்கிறேன்.

அதே நேரம், 2024 மேயிலிருந்து 2025 ஜூலை வரை என்ன செய்தாய் என்றால், "சும்மாதான் சித்தி, பெரியப்பா ஹோம்ஸ்டேல ரிசப்ஷன் பாத்தேன்" என்கிறாள். அது ரெஸ்யூமேவிலேயே இல்லை! வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கட்டாயமானது 2024 மே 7-ஆம் தேதி. அறை பதிவு செய்துவிட்டு இ-பாஸ் எடுக்காமல் கிளம்பி வந்தவர்கள் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு ஹோம்ஸ்டேக்குத்தான் போன் போட்டுக் கத்துவார்கள். அவர்களை அமைதிப்படுத்தி, விதியை விளக்கி, எப்படிப் பதிவு செய்வது என்று படிப்படியாகச் சொல்லி மேலே வரவைத்தது இவள். கேட்டில் நிற்பவரின் வேலையும் அதேதான்: விதியை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை, எதிரே நிற்பவர் கோபமாக இருக்கிறார், வரிசை நீள்கிறது. விசா சரியில்லாத பயணியை நிறுத்தும்போதும், நிறைந்த விமானத்தில் கைப்பெட்டியைக் கேட்டு வாங்கும்போதும் நடப்பது இதுதான்.

ஆக, "சிறந்த தகவல் தொடர்புத் திறன்" என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இ-பாஸ் சம்பவத்தை இரண்டு வரியில் எழுதவைத்தேன். விமான நிலைய வேலையிலும் அப்படியே. "சக்கர நாற்காலி உதவி" என்று பொதுவாக இருந்ததை நோண்டினேன். WCHR, WCHS, WCHC மூன்றும் அவளுக்குத் தெரிகிறது: முதலாமவர் படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது, இரண்டாமவர் படி ஏற முடியாது, மூன்றாமவரை இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். தெரிந்ததை எழுதாமல் "நல்ல குழு உணர்வு" என்று எழுதி வைத்திருக்கிறாள். படிக்கிறவருக்கு இந்தக் குறியீடுகள் கண்ணில் பட்டால் போதும், வேலை செய்தவள் என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்புப் பயிற்சியில் "டி.ஜி.ஆர். கேட்டகிரி 9 சான்று பெற்றவர்" என்று தேதி இல்லாமல் இருந்தது. டி.ஜி.ஆர். என்பது ஆபத்தான பொருட்களுக்கான விதிமுறை. சான்றைப் பார்த்தால் 2023 பிப்ரவரி. இந்தப் பயிற்சி 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, ஆகவே 2025 பிப்ரவரியோடு முடிந்தது. "சான்று பெற்றவர்" என்று நிகழ்காலத்தில் எழுதுவது தவறு. இன்னொன்று, பயணிகளைக் கையாளுவோருக்கான கேட்டகிரி 9 என்ற பெயரே 2022 முடிவோடு பழையதாகிவிட்டது. இப்போது செய்யும் வேலைக்கேற்பப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி நிறுவனம் பழைய பெயரிலேயே சான்று அச்சடித்திருக்கிறது. வருத்தப்பட ஒன்றுமில்லை. புதிய நிறுவனம் எப்படியும் தன் பயிற்சியைத் தானே தரும். விளம்பரமும் முடிக்கத் தயாரா என்றுதான் கேட்கிறது. "ஆபத்தான பொருட்கள் விழிப்புணர்வுப் பயிற்சி, பயணிகள் சேவை, பிப்ரவரி 2023 (காலாவதி 2025)" என்று எழுதினால் நேர்மையாகவும் இருக்கும், பாடம் புதிதல்ல என்பதும் தெரியும்.

பாடம் நினைவிருக்கிறதா என்று ஒரு கேள்வி போட்டேன். கேட்டில் இடமில்லை, ஒருவரின் கைப்பெட்டியை விமானத்தின் அடியில் உள்ள சரக்கறையில் ஏற்ற எடுக்கிறாய். முதலில் என்ன கேட்பாய்? "எடை" என்றாள். இல்லை. உள்ளே பவர் பேங்கோ தனி லித்தியம் பேட்டரியோ இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். அது அடியில் போகக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் யாரும் எட்ட முடியாது. அளவையும் கணக்குப் போட வைத்தேன். 20,000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. 100-க்குள் இருப்பதால் கையில் கொண்டுபோகலாம். 30,000 என்றால் 111. 100-க்கும் 160-க்கும் நடுவே விழுவதால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இப்படி ஒரு கேள்வி நேர்காணலில் வந்தால், காலாவதியான சான்றைவிட இந்தப் பதில்தான் உதவும்.

இனி அந்தக் கடைசி வரி. கனடாவில் கட்டுப்பாட்டுப் பகுதி பாஸுக்கு முன்னால் போக்குவரத்துத் துறையின் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கே குடியிருந்தீர்கள், எங்கே படித்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல், சரிபார்க்கக் கூடிய விதத்தில் காட்ட வேண்டும். நேற்று இறங்கியவருக்கு அந்த ஐந்தில் பெரும்பகுதி நம் ஊரில்தான் கழிந்திருக்கும். வேலைக்குத் தேர்வானவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரெஸ்யூமேவில் 24 மாதம், படிவத்தில் 14 மாதம் என்று இருந்தால் இரண்டில் எது பொய் என்றுதான் முதலில் யோசிப்பார்கள்.

எனவே அவளுக்கு ஒரு காலக்கோடு போட்டோம். 2022 மே வரை ஊட்டியில் கல்லூரி. ஜூன் முதல் கோவை விடுதி, படிப்பு, பிறகு பயிற்சி. 2023 பிப்ரவரி முதல் வேலை. 2024 ஏப்ரல் ஒரு மாதம் வீட்டில். அதை "வேலையில்லை" என்றே எழுதலாம், குற்றமில்லை. மே முதல் ஹோம்ஸ்டே. 2025 ஆகஸ்டில் பயண ஏற்பாடு. வீட்டு முகவரியில்தான் சிக்கல்: எங்கள் வீடு எஸ்டேட் பாதையில், கதவு எண் கிடையாது, தபால்காரர் தாத்தா பெயர் சொன்னால் கொண்டுவருவார். ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் மூன்று விதமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுது என்றேன். இன்னும் கிளம்பாதவர்கள் இதை ஊரிலேயே ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். கோவை வேலையின் அனுபவக் கடிதம், பாஸைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது, போலீஸ் சான்றிதழ் இவற்றையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனபிறகு தூதரகம் வழியாகப் போலீஸ் சான்றிதழ் எடுப்பது இன்னொரு அலைச்சல்.

என் தீர்ப்பு இதுதான்: மொழியில் தேறுகிறாள், வாடிக்கையாளர் அனுபவத்தில் நன்றாகவே தேறுகிறாள், பயிற்சியில் குறையில்லை, பாஸ் தகுதி ஆவணங்களைப் பொறுத்தது. விண்ணப்பிக்கலாம்.

மறுநாள் பெரியப்பாவிடம் போய், ஹோம்ஸ்டே பெயர் அச்சிட்ட தாளில் தேதிகளோடும் தொலைபேசி எண்ணோடும் ஒரு கடிதம் வாங்கினேன். கையெழுத்துப் போடும்போது, "யாராச்சும் போன் பண்ணுவாங்களா?" என்றார். பண்ணலாம். டொராண்டோவில் காலை பத்து என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டரை. +1 என்று தொடங்கும் எண்ணை மோசடி அழைப்பு என்று நினைத்துக் கட் பண்ணிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் போனை மேல்மாடி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.