ஒரே காபி, மூணு பாத்திரம்: டம்ளர், மக், கண்ணாடி கிளாஸ் வச்சு வீட்லயே ருசி பாக்குறது எப்படி

போன வருசம் மதினி ஊர்ல இருந்து வர்றப்ப நல்ல கனமான பீங்கான் மக் ஆறு வாங்கிட்டு வந்தாங்க. மறுநாள் காலைல அதுல காபி ஊத்திக் குடுத்தா அப்பா ரெண்டு வாய் குடிச்சிட்டு "என்னத்தா, காபி சப்புன்னு இருக்கு"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அம்மா மறுநாள் டிகாஷன் கூட விட்டாங்க, அப்பவும் "கசக்குது, ஆனா நல்லா இல்ல"ன்னாரு. அதே பொடி, அதே பால்காரர் பால், அதே அடுப்பு, மாறுனது மக் மட்டும்தான், அதனால இத ஒருநாள் உக்காந்து பாத்துருவோம்னு சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி செஞ்சு பாத்தேன். நீங்களும் செய்யலாம், அர மணி நேர வேலைதான்.

மொத வேலை: பாத்திரத்த மோந்து பாருங்க

எவர்சில்வர் டம்ளர், பீங்கான் மக், டீக்கடை மாதிரி கண்ணாடி கிளாஸ், மூணும் எடுத்துக்கோங்க. மூணுலயும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தி ஒரு நிமிசம் விட்டு மூக்கு கிட்ட வச்சுப் பாருங்க. சோப்பு வாடையோ, முந்தாநாள் ரசம் வாடையோ வந்தா அத நல்லா தேச்சுக் கழுவிட்டு மறுபடி பாக்கணும். "எவர்சில்வர்ல குடிச்சா ஒரு வாடை வருது"ன்னு சொல்றவங்க வீட்ல பாதி நேரம் இதுதான் காரணம், கீறல்ல ஒட்டுன எண்ணெயும் சோப்பும்தான் அந்த வாடை. நல்ல எவர்சில்வர் காபியோட சேந்து எதுவும் பண்ணாது. பித்தள டம்ளர் வச்சிருந்தா உள்ள ஈயம் பூசிருக்கான்னு பாத்துக்கோங்க, பூச்சு போயிருந்தா அதுல காபி குடிக்காதீங்க.

கிளாஸ் சாதா கண்ணாடின்னா கொதிக்கக் கொதிக்க நேரா ஊத்தாம மொதல்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி எடுங்க, இல்லாட்டி கீறல் விட்டுரும். கடைசில அதையும் கொட்டிட்டு மூணையும் தொடச்சு ஆற விட்டுருங்க, ஆரம்பிக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்.

ரெண்டாவது: காபிய ஒரே பாத்திரத்துல கலங்க

30 கிராம் பொடி (நான் போட்டது தாண்டிக்குடி கொட்டை அரைச்சது, சிக்கரி அஞ்சுல ஒரு பங்கு), 160 மில்லி தண்ணி ஊத்துனா கிட்டத்தட்ட 100 மில்லி டிகாஷன் இறங்கும். அதுல 90 மில்லி, பால் 270 மில்லி, சீனி எல்லாம் ஒரு போணில கலந்து 80 டிகிரிக்கு சூடு பண்ணிட்டு அப்புறம் மூணுலயும் 120, 120ஆ ஊத்துங்க. நான் மொத தடவ தனித்தனியா கலந்து ஏமாந்தேன், ஒண்ணுல டிகாஷன் ஒரு ஸ்பூன் கூடிட்டாலே எது பாத்திரத்தோட வேலை, எது கையோட வேலைன்னு தெரியாது.

மூணாவது: ஒரு நிமிசம் கழிச்சு சூடு பாருங்க

எனக்கு வந்தது இது: டம்ளர்ல 74, கிளாஸ்ல 69, மக்ல 63. பீங்கான் தான் சூட்ட வச்சிருக்கும்னு நெனச்ச எனக்கு இது பெரிய ஆச்சரியம். ஆனா தராசுல வச்சுப் பாத்தா புரிஞ்சிருச்சு. டம்ளர் 70 கிராம், கிளாஸ் 140, மக் 340. அந்த 340 கிராம் பீங்கான் அறைச் சூட்ல, அதாவது மதுரை வெயில்ல ஒரு 32 டிகிரில சும்மா உக்காந்திருக்கு, அதுமேல காபிய ஊத்துனா மொதல்ல மக் தன்னைச் சூடாக்கிக்க காபிகிட்ட இருந்து சூட்ட எடுத்துக்குது. எவர்சில்வர் எடையும் கம்மி, அதே எடைக்கு அது குடிக்கிற சூடும் பீங்கான விட கம்மி, அதனால காபில பெருசா கொறையாது.

இந்த 11 டிகிரிதான் அப்பா சொன்ன "சப்பு". காபி நல்ல சூடா இருக்கும்போது ஆவியோட மணம் மேல ஏறி வரும், கசப்பும் புளிப்பும் பின்னாடி நிக்கும். அறுபதுக்குக் கீழ இறங்க இறங்க மணம் கொறைஞ்சு, கசப்பு, புளிப்பு, சிக்கரியோட கருகல் எல்லாம் தனித்தனியா நாக்குல தெரிய ஆரம்பிக்கும். அப்ப போய் அம்மா டிகாஷன் கூட விட்டா கசப்பு மட்டும்தான் கூடும், போன மணம் திரும்பி வராது.

நாலாவது: மக்க சூடு பண்ணிட்டு மறுபடி செய்ங்க

மக் நெறைய கொதிக்கிற தண்ணி ஊத்தி ரெண்டு நிமிசம் வைங்க, வெளிப்பக்கம் கைய வச்சா சுள்ளுன்னு இருக்கணும், உள்ள மட்டும் அலசிட்டுக் கொட்டுனா பத்தாது. கொட்டிட்டு உடனே காபி ஊத்துங்க. எனக்கு இப்ப மக்ல 72 வந்துச்சு. பத்து நிமிசம் கழிச்சுப் பாத்தா டம்ளர் 56, மக் 60. அதாவது பேப்பர் பாத்துக்கிட்டே பைய குடிக்கிறவங்களுக்கு சூடு பண்ணுன மக் நல்லது, ரெண்டு நிமிசத்துல குடிச்சு முடிக்கிறவங்களுக்கு டம்ளரே போதும்.

அஞ்சாவது: உதடும் மூக்கும்

இப்ப வாய் வச்சுப் பாருங்க. டம்ளர் விளிம்புல உதடு பட்டதும் சுடும், காபியே கொதிக்கிற மாதிரி இருக்கும், ஏன்னா எவர்சில்வர் கண்ணாடிய விட பத்து மடங்குக்கு மேல வேகமா சூட்டக் கடத்துது. அதனாலதான் நாம டபராவுல ஆத்துறோம், இல்ல உதடு படாம அண்ணாந்து ஊத்துறோம். டபரா வாய் அகலம், அங்கிட்டும் இங்கிட்டும் ரெண்டு தடவ ஆத்துனாலே சட்டுன்னு ஆறும், நுரையும் வரும். அஞ்சாறு தடவ ஆத்துனா மணமும் சேந்து போயிரும், அதனால நான் ரெண்டோட நிறுத்திருவேன்.

வடிவத்துக்கு ஒரு சின்ன சோதனை. ஒரே டம்ளர்ல ஒரு வாய் அண்ணாந்து குடிங்க, அடுத்த வாய் விளிம்புல வாய் வச்சு உறிஞ்சிக் குடிங்க. அண்ணாந்து ஊத்தும்போது மூக்கு டம்ளருக்கு வெளிய இருக்கு, முழுங்குன அப்புறம் தொண்ட வழியா மூக்குக்கு ஏறுற மணம் மட்டும்தான். உறிஞ்சும்போது மூக்கு டம்ளர் வாய்க்கு நேரா வந்துரும், முழுங்குறதுக்கு முன்னாடியே மணம் கெடைச்சிரும். நம்பலன்னா மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு வாய் குடிங்க, வெறும் கசப்பும் சீனியும்தான் இருக்கும், காபியே இருக்காது. அகலமான வாய் உள்ள கப்ல ஆவி சீக்கிரம் பறந்துரும், கொஞ்சம் ஒடுங்குன வாய்னா மணம் உள்ளயே நிக்கும்.

கடைசியா கண்ண மூடிக்கிட்டு வேற ஒருத்தர ஊட்டச் சொல்லியும் ஒரு தடவ பாருங்க. 2014ல வந்த ஒரு ஆய்வுல ஒரே காபிய வெள்ளை மக்லயும் கண்ணாடி மக்லயும் குடுத்துருக்காங்க, வெள்ளை மக்ல குடிச்சவங்க ஸ்ட்ராங்கா இருக்குன்னும் இனிப்பு கம்மின்னும் சொல்லிருக்காங்க. கலர் கூட சேந்து வேலை செய்யுது, அதனால கண்ணத் தொறந்து எழுதுன குறிப்பையும் மூடி எழுதுன குறிப்பையும் தனித்தனியா வச்சுக்கோங்க.

எங்க வீட்ல இப்ப பால் காயும்போதே அம்மா மக்ல சுடுதண்ணி ஊத்தி வச்சிர்றாங்க, டிகாஷன் பழைய அளவுதான். அப்பா காலைல டம்ளர், சாயங்காலம் மக்.