குளத்தைப் பற்றித் தேடும்போது எடுக்கும் ஸ்கிரீன்ஷொட்டுகளை ஒழுங்காக வைப்பது எப்படி

கிளிநொச்சியில் இருந்துகொண்டு இரணைமடுக் குளத்தின் கதையைத் தேடத் தொடங்கியபோது, போனில் ஸ்கிரீன்ஷொட்டுகள் குவிந்தன. ஆறு மாதம் கழித்து ஒரு பழைய பக்கத்தின் படத்தைத் திறந்தால், அது எந்த நூல், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. படத்தின் பெயரில் இருந்தது நான் அதை எடுத்த நாள் மட்டும்தான்.

இப்போது நான் ஜொப்ளின் (Joplin) செயலியில் வைக்கிறேன். இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்.

முதலில், படம் எடுக்கும்போது மேலே உள்ள இணைய முகவரியை வெட்டிவிடாதீர்கள். அப்புறம் படம் ஒன்றுக்கு ஒரு குறிப்பு திறந்து அதில் படத்தை இணையுங்கள். படத்தைச் சிறிதாக்கவா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீளமான ஸ்கிரீன்ஷொட் சுருங்கினால் சின்ன எழுத்து மங்கிவிடும்.

படத்துக்குக் கீழே உடனே இதை எழுதுங்கள்:

```
பார்த்த நாள்: 2025-02-09
வெளிவந்த ஆண்டு: 1895
மூலம்: ஜே. பி. லூயிஸ், வன்னி மாவட்டக் கைநூல்
பக்கம் (அச்சில் / கோப்பில்):
இணைப்பு:
ஏன் எடுத்தேன்: கனகராயன் ஆறு பற்றிய பத்தி
```

இரண்டு நாள்களையும் தனித்தனியே எழுதுவதுதான் இதில் முக்கியம். இரணைமடுக் குளத்தைக் கட்டத் தொடங்கியது 1902இல். லூயிஸின் நூல் அதற்கு 7 ஆண்டு முந்தியது. ஆகவே குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆற்றைப் பற்றி அதில் எது இருந்தாலும் குளம் வருவதற்கு முந்தைய நிலைதான். வெளிவந்த ஆண்டை எழுதாவிட்டால், அந்தப் பத்தியை இன்றைய குளத்தோடு பொருத்திவிடுவீர்கள். பக்க எண்ணிலும் கவனம் வேண்டும்: அட்டை, முன்னுரை எல்லாம் சேர்வதால் கோப்பின் எண்ணும் அச்சிலுள்ள எண்ணும் ஒத்துவராது.

படத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைச் செயலி தேடித் தரும் என்று நம்பியிருக்காதீர்கள். தேவையான ஒரு வரியை நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். ஊர்ப்பெயரைப் படத்தில் உள்ள எழுத்துக்கூட்டலில் ஒருமுறை, நாம் எழுதுகிறபடி ஒருமுறை எழுதுங்கள். முல்லைத்தீவுக்கே ஆங்கிலத்தில் Mullaitivu, Mullaittivu என்று இரண்டும் உண்டு.

அடுத்தது குறிச்சொல். நான் மூன்றுக்கு மேல் போடுவதில்லை: இடம் ஒன்று, பொருள் ஒன்று, நிலை ஒன்று. உதாரணமாக இரணைமடு, ஆறு, சரிபார்க்க. குளம், குளங்கள் என்று இரண்டு குறிச்சொல் உருவானால் பாதிக் குறிப்புகள் தேடலில் வராது. பழையதைப் பார்த்து அதையே போடுங்கள்.

தேடும்போது:

```
tag:இரணைமடு tag:சரிபார்க்க
tag:இரணைமடு created:202502 -created:202503
```

முதல் வரி இன்னும் உறுதிசெய்யாதவற்றைக் காட்டும். இரண்டாவது, 2025 பெப்ரவரியில் உருவாக்கிய குறிப்புகளை மட்டும் தரும். இந்த created என்பது குறிப்பு உருவான நாளையே பார்க்கும். பழைய படங்களை இன்று மொத்தமாக ஏற்றினால் எல்லாம் இன்றைய நாளில்தான் நிற்கும். அதனால்தான் பார்த்த நாளைக் கையால் எழுதச் சொல்கிறேன்.