கரண்ட் போனாலும் தலையணை அதிர வேண்டும்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் காது கேளாமல் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மின்னும் காலிங் பெல் மட்டும் போதாது. கண் மூடித் தூங்குபவரை வெளிச்சம் எழுப்பும் என்று நம்ப முடியாது. அலாரம் கடிகாரத்தோடு இணைந்த, தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வு வட்டும் வேண்டும்.

இன்னொரு சிக்கல், கரண்ட் கட். பல அதிர்வுக் கடிகாரங்களில் உள்ள பேட்டரி நேரத்தை மட்டுமே காப்பாற்றும். வட்டை அதிர வைக்காது. கடிகாரம் சரியாக ஓடுவதால் குறை வெளியே தெரியாது.

வாங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்து, 2 நிமிடம் தள்ளி அலாரம் வையுங்கள். வட்டின் மேல் தலையணையைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். அதிரவில்லையா? சிறிய யுபிஎஸ்ஸில் இணையுங்கள். காலிங் பெல்லின் ரிசீவரையும் அதே நேரத்தில் சோதியுங்கள். சுவரில் செருகும் வகையென்றால் அதுவும் அணைந்துவிடும்.